முதல் ஆளை வேலைக்கு வைக்கும் கடைக்கு ஒரு பக்கக் கடிதம்

பஜார் கடைகளில் ஆள் சேர்ப்பது பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடும். "மாசம் பதினஞ்சாயிரம் தர்றேன். காலையில வந்துடு. நாளையிலேருந்தே சேர்ந்துக்கோ." அந்தப் பக்கமிருந்து "சரிண்ணே" என்ற பதில் வரும். முதல் இரண்டு மாதம் எந்தக் குறையும் இருக்காது. மூன்றாவது மாதம் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு போடுகிறார். சம்பள நாளன்று எவ்வளவு பிடிப்பது என்று பேச்சு எழுகிறது. இவர் ஒரு கணக்குச் சொல்கிறார், அவர் வேறொன்று சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கணக்கை இருவரும் பேசியதே இல்லை.

பெரிய நிறுவனங்களில் முதலில் வேலை தருவதாக ஒரு கடிதம் வரும், சேர்ந்த பிறகு நியமன உத்தரவு என்று இன்னொன்று வரும். சிறு கடைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். வெள்ளைத்தாளில் ஒரு பக்கம், அதிகம் போனால் ஒன்றரைப் பக்கம். மேலே கடையின் பெயரும் முகவரியும் தேதியும். கீழே, "இந்த விதிமுறைகளுக்குச் சம்மதம்" என்று வேலைக்கு வருபவர் கையெழுத்திட ஓர் இடம். அவர் கையெழுத்திட்டதும் அது வாக்குறுதி என்ற நிலையிலிருந்து ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், எந்தத் தேதியில் சேர வேண்டும் என்பவற்றையும் எழுதிவிட்டால், "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவருக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறு நகரம். எலக்ட்ரிகல், பைப், பெயிண்ட் எல்லாம் விற்கும் கடை. கணவனும் மனைவியுமாக எட்டு வருடம் ஓட்டிவிட்டார்கள். வியாபாரம் கூடிவிட்டது, முழுநேர ஆள் ஒருவர் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த, டூவீலர் லைசென்ஸ் உள்ள இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் கிடைத்திருக்கிறார். மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று பேச்சு. இந்தக் கடைக்கான கடிதத்தை எழுதிப் பார்ப்போம்.

முதல் சிக்கல் நேரத்தில் வருகிறது. கடை காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குச் சாத்துகிறது. முதல்முறை ஆள் வைப்பவர்கள் கடை நேரத்தையே வேலை நேரமாக நினைத்துவிடுகிறார்கள். தாங்கள் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே பழகிவிட்டதால், அதில் தப்பு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதும் இல்லை. ஆனால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஊழியரின் வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி. நான்கு மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தால் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு. ஓய்வையும் சேர்த்து, வந்ததிலிருந்து போகும்வரை பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை.

இதற்குள் நம் கடையைப் பொருத்துவது கடினமில்லை. காலை பத்திலிருந்து இரண்டு வரை வேலை. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஓய்வு. அந்த வெயில் நேரத்தில் பெயிண்ட் வாங்க வருபவர்கள் எப்படியும் குறைவு. மறுபடி நான்கிலிருந்து எட்டு வரை. ஆக எட்டு மணி நேரம். ஞாயிறு விடுமுறை என்றால் வாரத்துக்குச் சரியாக நாற்பத்தெட்டு. காலை முதல் ஒரு மணி நேரத்தையும் இரவு கடைசி ஒரு மணி நேரத்தையும் கணவனும் மனைவியும் இதுவரை போலவே பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தில் "கடை நேரம் முழுவதும்" என்று எழுதாமல் இந்த நான்கு மணிகளையும் அப்படியே எழுத வேண்டும்.

"இன்னும் ஒரு மணி நேரம்தானே, கடையைச் சாத்திட்டுப் போகட்டுமே" என்று நினைப்பவர்கள் அதன் விலையையும் தெரிந்துகொள்வது நல்லது. எட்டு மணிக்கு மேல் ஆகும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி. 15,600 ரூபாயை 26 வேலை நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்கு 600 ரூபாய், மணிக்கு 75 ரூபாய். ஓவர்டைம் மணிக்கு 150 ரூபாய். தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் மாதத்துக்கு 3,900 ரூபாய் ஆகிறது. அதுவும் நினைத்தபடி நீட்ட முடியாது. ஓவர்டைம் சேர்ந்தும் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு ஐம்பத்துநான்கு மணிதான் எல்லை. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் வெள்ளையடிக்கும் வேலை அதிகம் என்பதால் நம் கடைக்கு அப்போது ஓவர்டைம் தேவைப்படலாம். அதற்காக ஒரே ஒரு வரி போதும்: "கூடுதல் நேர வேலை தேவைப்பட்டால் முந்தின நாளே சொல்லப்படும், மணிக்கு 150 ரூபாய் அந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தரப்படும்."

மேலே சொன்ன 26 என்ற எண்தான் தங்கை கல்யாணச் சண்டைக்கும் வேர். சம்பளம் இல்லாத லீவு ஒரு நாள் என்றால் எவ்வளவு பிடிப்பது? முப்பதால் வகுத்தால் 520 ரூபாய், இருபத்தாறால் வகுத்தால் 600 ரூபாய். சில கடைகளில் பிடிக்கும்போது இருபத்தாறால் வகுப்பார்கள், ஓவர்டைம் கொடுக்கும்போது முப்பதால் வகுப்பார்கள். இது கெட்டிக்காரத்தனம் போலத் தெரியும். ஊழியர் ஒருநாள் மொபைல் கால்குலேட்டரை எடுத்துப் பார்க்கும்வரைதான் அது செல்லும். ஒரே எண்ணை இரண்டு பக்கமும் வைத்து, அதைக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்: "ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தில் 26இல் ஒரு பங்கு. பிடித்தத்துக்கும் கூடுதல் நேரக் கணக்குக்கும் இதுவே அடிப்படை."

லீவைப் பற்றிச் சட்டம் சொல்வதைக் கேட்டால் பல கடைக்காரர்கள் திகைப்பார்கள். உடம்புக்கு முடியாவிட்டால் வருடத்துக்குப் பன்னிரண்டு நாள், நியாயமான வேறு காரணங்களுக்குப் பன்னிரண்டு நாள், ஒரு வருடம் முடித்த பிறகு உரிமை விடுப்பாகப் பன்னிரண்டு நாள். எல்லாமே சம்பளத்தோடு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள் தனி. "இத்தனையா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் வாய்ப்பேச்சில் சேர்ந்த ஊழியரும் காய்ச்சல், காதுகுத்து, குலதெய்வம் கோயில் என்று ஏறக்குறைய இத்தனை நாள் எடுக்கத்தான் போகிறார். யாரும் எண்ணுவதில்லை என்பதால் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் மனக்கசப்பு. எண்ணை எழுதி, சுவரில் மாட்டிய நாள்காட்டியில் லீவைக் குறித்துவந்தால் கணக்கு இருவர் கண்ணுக்கும் தெரியும். ஐந்து பண்டிகைகள் எவை என்பதையும் பேசி எழுதிக்கொள்ளலாம். நம் கடைக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் முக்கியம். ஊழியருக்கு ஊர்த் திருவிழா முக்கியமாக இருக்கலாம்.

அடுத்து என்னென்ன வேலை என்பது. "கடை வேலைகள் அனைத்தும்" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். "முதலாளி சொல்லும் பிற வேலைகளும்" என்ற வரி அதைவிட மோசம். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவதும் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் தூக்குவதும் நாளடைவில் அந்த வரிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். நம் கடைக்கு நான் இப்படி எழுதுவேன்: "வாடிக்கையாளர் கேட்கும் சரக்கை எடுத்துக் கொடுத்து பில் போடுவது, வரும் சரக்கை அதனோடு வந்த பில்லோடு ஒப்பிட்டு எண்ணி ரேக்கில் அடுக்குவது, தீரப்போகும் சரக்கை இரவு கிளம்புமுன் நோட்டில் எழுதுவது, கடையின் வண்டியில் ஐந்து கிலோமீட்டருக்குள் டெலிவரி கொடுப்பது, கடைக்குள்ளும் முன்புறமும் சுத்தமாக வைத்துக்கொள்வது." இவ்வளவுதான். புதிதாக ஏதாவது சேர வேண்டுமானால் பேசிச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலைகளைவிட முக்கியமானது, எதை அவரே முடிவு செய்யலாம், எதைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்பது. இதைச் சொல்லாமல் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, பத்து ரூபாய் குறைக்கவும் முதலாளிக்கு போன் போட்டு அவரை மதியச் சாப்பாட்டில் எழுப்புவார். இல்லாவிட்டால் தெரிந்த பெயிண்டருக்கு எண்ணூறு ரூபாய்ச் சரக்கைக் கடனாகக் கொடுத்துவிட்டு, "அவரு எப்பவும் வாங்குறவருதானே அண்ணே" என்பார். ஆகவே எல்லைகளை எண்ணால் எழுத வேண்டும். பில் தொகையில் ஐந்து சதவீதம் வரை தள்ளுபடி அவர் விருப்பம், அதற்கு மேல் கேட்க வேண்டும். கடன், கல்லாவில் ஒட்டியிருக்கும் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். வெட்டிய ஒயரையும் கலர் கலந்த பெயிண்டையும் திரும்ப எடுக்கக் கூடாது. மற்றவற்றை பில்லோடு வந்தால் ஏழு நாளுக்குள் மாற்றிக் கொடுக்கலாம். இப்படி நான்கு வரி இருந்தால் வாடிக்கையாளர் சத்தம் போடும்போது ஊழியருக்கும் பிடிமானம் இருக்கும்.

கல்லாவில் பணம் குறைந்தால் யார் பொறுப்பு? சிறு கடையில் முதலாளி–ஊழியர் உறவு முறியும் இடம் பெரும்பாலும் இதுதான். "குறைஞ்சா சம்பளத்துல பிடிச்சுக்குவேன்" என்று சொல்லிவைப்பது வழக்கம். சட்டம் அப்படி விடுவதில்லை. ஊழியரிடம் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட பணமோ சரக்கோ அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக நஷ்டமானால் மட்டுமே பிடிக்கலாம். அப்போதும் அவர் தரப்பைக் கேட்ட பிறகுதான். நம் கடையில் ஒரே கல்லாவில் மூன்று பேர் கை வைக்கிறார்கள். அக்கா காய்கறிக்காரருக்கு அதிலிருந்தே இருநூறு எடுத்துக் கொடுக்கிறார். அண்ணன் டீக்கடைக் கணக்கை அதிலிருந்தே தீர்க்கிறார். இரவு முந்நூறு குறைந்தால் அதை ஊழியர் தலையில் கட்ட எந்த நியாயமும் இல்லை.

ஆகவே கடிதத்தில் எழுத வேண்டியது தண்டனையைப் பற்றியல்ல, நடைமுறையைப் பற்றி. ஊழியர் தனியாகக் கல்லாவைப் பார்க்கும் நேரம் எது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். நம் கடையில் அது மாலை நான்கிலிருந்து ஆறு வரை. நான்கு மணிக்கு 2,000 ரூபாய் சில்லறையோடு எண்ணி ஒப்படைக்கப்படும். ஆறு மணிக்கு பில்களோடு ஒப்பிட்டு எண்ணித் திரும்ப வாங்கப்படும். இரண்டு முறையும் நோட்டில் இருவர் கையெழுத்து. அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டார் யாரும் கல்லாவில் கை வைப்பதில்லை. இது முதலாளி எழுதித் தர வேண்டிய வாக்கு. சொல்வது சுலபம், கடைப்பிடிக்கக் கொஞ்சம் கடினம்.

யு.பி.ஐ. பணத்துக்கும் ஒரு வரி தேவை. வாடிக்கையாளர் மொபைலில் பணம் போனதாகக் காட்டும் திரைப்படத்தைக் காட்டிவிட்டுச் சரக்கோடு போய்விடுவார். இரவு பார்த்தால் கணக்கில் பணம் வந்திருக்காது. போலித் திரைப்படங்கள் செய்வது இன்று சிறுபிள்ளை வேலை. "கடையின் ஒலிப்பெட்டி தொகையைச் சொன்ன பிறகே, அல்லது கடை போனில் பணம் வந்த செய்தியைப் பார்த்த பிறகே சரக்கைக் கொடுக்க வேண்டும். கடையின் க்யூஆர் அட்டை தவிர வேறு எண்ணுக்குப் பணம் வாங்கக் கூடாது" என்று எழுதிவிட்டால், இதை மீறி நடந்த நஷ்டத்தையும் பின்பற்றியும் நடந்த நஷ்டத்தையும் பிரித்துப் பார்க்கலாம். இரண்டாவது வகை கடையின் நஷ்டம்.

டெலிவரி என்று எழுதியதால் வண்டியைப் பற்றியும் எழுத வேண்டும். வண்டி கடையுடையது, பெட்ரோல் கடையுடையது, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது, ஹெல்மெட் கடை தரும் என்று எழுதலாம். ஊழியரின் சொந்த வண்டி என்றால் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று குறிக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள கடைக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, இருபது பேருக்குக் குறைவாக இருந்தால் பி.எஃப். கட்டாயமில்லை. ஆகவே நம் கடை ஊழியருக்கு அந்தப் பாதுகாப்புகள் இல்லை. அதை மறைக்காமல் கடிதத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஒன்று செய்யலாம். அவருடைய வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடலாம். வருடத்துக்கு 20 ரூபாய்தான், விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் காப்பீடு. அந்த இருபது ரூபாயைக் கடை தரும் என்று எழுதுவது பெரிய தாராளம் ஒன்றும் இல்லை, ஆனால் பலர் அதைக்கூடச் செய்வதில்லை.

நாற்காலியும் இங்கேயே வரட்டும். கடை ஊழியர்கள் வேலைக்கிடையே உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைகளை நினைத்துக் கொண்டுவரப்பட்ட விதி போலத் தெரிந்தாலும் நம் பைப் கடைக்கும் பொருந்தும். இதைக் கடிதத்தில் எழுதத் தேவையில்லை, ஒரு நாற்காலி வாங்கிப் போட்டால் போதும்.

போனஸ் பற்றிய சட்டம் ஓர் ஆள் கடையைத் தொடுவதில்லை. ஆனால் வழக்கம் தொடும். தீபாவளிக்கு எவ்வளவு என்று ஐப்பசியில் முகம் பார்த்துப் பேசுவதைவிட, முழு வருடம் வேலை செய்தவருக்கு ஒரு மாதச் சம்பளம், இடையில் சேர்ந்தவருக்குச் சேர்ந்ததிலிருந்து மாதத்துக்கு 1,300 ரூபாய் வீதம் என்று எழுதிவிடலாம். கடையின் வருமானத்துக்கு அது அதிகம் என்றால் குறைத்து எழுதலாம். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் கொடுக்க முடிந்ததை மட்டும் எழுதுவதே சரி.

முன்பணம் என்பது வேறு கதை. சேரும்போதே இருபதாயிரம் கேட்பார்கள். கொடுக்கலாம், தவறில்லை. மாதத்துக்கு 2,000 வீதம் பத்து மாதத்தில் கழிக்கப்படும், வட்டி இல்லை என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். எழுதக் கூடாதது, "கடன் தீரும்வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது" என்பது. பணத்தைக் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடும். போக நினைப்பவர் போகலாம். மீதிக் கடன் பணக்கடனாக மட்டும் நிற்கும்.

இதேபோல இன்னும் சிலவற்றை முதலாளிகள் பாதுகாப்பு என்று நினைத்து எழுதுகிறார்கள், அல்லது வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கி பீரோவில் பூட்டுவது, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது, "வேலையை விட்டபின் இரண்டு வருடம் இந்தப் பஜாரில் வேறு கடையில் சேரக் கூடாது" என்பது. கடைசியில் சொன்னது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை என்பது அதன் 27ஆவது பிரிவு. ஆதார் நகலும் சான்றிதழ் நகலும் வாங்கிக்கொண்டால் போதும்.

பிரிவதைப் பற்றிச் சேரும் நாளிலேயே எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் எழுத வேண்டும். முதல் மூன்று மாதம் பயிற்சிக்காலம் என்று வைக்கலாம். அப்போது ஒருவருக்கொருவர் ஏழு நாள் முன்னறிவிப்பு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் நிலை மாறிவிடும். அதன்பின் தக்க காரணமில்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமலும் அவரை நீக்கக் கூடாது என்கிறது கடைகள் சட்டத்தின் 41ஆவது பிரிவு. திருடினார் என்று சொல்லி அன்றே அனுப்ப வேண்டுமானாலும் விசாரித்து, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே ஆள் சரிப்படுமா என்று பார்க்க முதலாளிக்கு உண்மையில் இருப்பது ஆறு மாதம். பயிற்சிக்காலத்தை ஒரு வருடம் என்று எழுதினாலும் இது மாறாது. ஊழியர் தானாகப் போனாலும் நாம் அனுப்பினாலும் வேலை செய்த நாட்களின் சம்பளத்தை நிறுத்தி வைக்க முடியாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்கச் சொல்கிறது.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். தமிழில் எழுதுங்கள். ஆங்கில மாதிரியை எங்கிருந்தோ எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால், அதில் நம் கடையில் இல்லாத மனிதவளத் துறையெல்லாம் வந்து நிற்கும். கொடுத்த உடனே கையெழுத்து கேட்காமல், ஓர் இரவு வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். மறுநாள் ஊழியர் ஒன்றிரண்டு கேள்விகளோடு வந்தால் அது நல்ல அறிகுறி. "மதியம் ரெண்டு மணி நேரம் வீட்டுக்குப் போயிட்டு வரலாமாண்ணே, இல்ல கடையிலயே இருக்கணுமா?" என்று கேட்டால், அதற்கான பதிலையும் ஓரத்தில் எழுதி இருவரும் சுருக்கொப்பம் இட்டால் போதும்.

ஒன்றே ஒன்று மட்டும் எழுதி முடித்த பிறகும் மாறும். கடைப் பணியாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலியில் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் மாற்றி அமைக்கப்படுகிறது. 15,600 ரூபாய் என்று எழுதும் முன் நடப்பாண்டுத் தொகையைத் தொழிலாளர் துறை வெளியீட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு வருடம் முடியட்டும் என்று காத்திராமல் ஏப்ரலிலேயே மறுபடி பார்க்க வேண்டும். நாம் தருவது புதிய தொகையைவிடக் குறைந்துவிட்டால், உயர்த்திய சம்பளத்தையும், அதை 26ஆல் வகுத்த புதிய நாள் கூலியையும், அதன்படி மாறும் ஓவர்டைம் தொகையையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு இரண்டு பிரதிகளிலும் பின் செய்துவிடலாம்.